கூலன்ட் குறையவே இல்லை, மேடு ஏறினால் மட்டும் ஹீட்: ஹெட் கேஸ்கட் என்று கண்டுபிடித்த கதை

திம்பம் ரோடு

ஆறு மாதமாக அலைக்கழித்த பிரச்சினை போன வாரம்தான் முடிந்தது, யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். 2013 மாடல் டீசல் கார், நாலு சிலிண்டர், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. ஈரோட்டுக்குள் வெயிலில் எவ்வளவு சுற்றினாலும் ஹீட் முள் நடுவில் அசையாமல் நிற்கும். பண்ணாரி தாண்டி திம்பம் ஏறும்போது, அந்த 27 கொண்டை ஊசி வளைவில் பாதி போவதற்குள் முள் மேலே கிளம்பிவிடும். ஏசியை அணைத்துவிட்டு மெதுவாக ஏறினால் இறங்கும், அடுத்த வளைவில் மறுபடி ஏறும். மேலே ஆசனூர் போய்ச் சமதளம் வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி முள் நடுவுக்கு வந்துவிடும்.

மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்து பார்த்தால் கூலன்ட் ஊற்றிய அளவிலேயே இருக்கும். தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆயில் சுத்தமாக இருக்கிறது, வெள்ளைப் புகையும் இல்லை. அதனால் பார்த்தவர்கள் எல்லோரும் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட்டாக இருக்காது என்றுதான் சொன்னார்கள். தெர்மோஸ்டாட் மாற்றினோம், ரேடியேட்டரை இறக்கி ராடு விட்டுச் சுத்தம் செய்தோம், கூலன்ட் டேங்க் மூடியும் புதிதாகப் போட்டோம். ஃபேன் இரண்டு வேகத்திலும் ஓடுகிறது. செலவு ஆனதுதான் மிச்சம், திம்பம் ஏறினால் அதே கதை.

ஒரு நாள் மைசூரிலிருந்து இரவு வந்து நிறுத்திய வண்டியை, காலை ஆறு மணிக்கு இன்ஜின் சில்லென்று இருக்கும்போது, டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது! முந்தின நாள் ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் பிரஷர் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பொறி தட்டியது.

சரவணன் டி

நண்பா, ஆயில் வெள்ளையாகாமல் கேஸ்கட் போகாது. ஆயில் மூடியில் பால்கோவா மாதிரி படிந்தால்தான் கேஸ்கட். உங்களுக்குப் போட்ட தெர்மோஸ்டாட் டூப்ளிகேட்டாக இருக்கும். நான் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டுத்தான் மூன்று வருடமாக ஓட்டுகிறேன், முள் பாதிக்கு மேல் போனதில்லை.

ஓய்வு மெக்கானிக், கோவை

சரவணன் தம்பி, நீங்கள் சொல்வது பாதி சரி. தண்ணீர் வழியும் ஆயில் வழியும் நடுவில் விட்டால்தான் ஆயில் வெள்ளையாகும். கேஸ்கட் எங்கே வேண்டுமானாலும் விடலாம். சிலிண்டர் வாயைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கிறது பாருங்கள், அதற்கும் பக்கத்துத் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவில் மட்டும் விட்டால் ஆயிலுக்குச் சம்பந்தமே இல்லை. எரிகிற கேஸ் தண்ணீருக்குள் போகும். சிலிண்டருக்குள் இருக்கிற பிரஷருக்கு முன்னால் கூலன்ட் பிரஷர் ஒன்றுமே இல்லை, அதனால் ஓடும்போது போக்கு ஒரே பக்கம்தான். தண்ணீர் சிலிண்டருக்குள் வருவது இன்ஜின் நின்ற பிறகு, அதுவும் துளி துளியாக.

கேஸ் போய் ஹெட்டின் மேல்பக்கத்தில் தங்கும், அங்கே இருந்த தண்ணீரை டேங்குக்குத் தள்ளும். ஓடும்போது பார்த்தால் டேங்கில் அளவு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தெரியும். ஆறியதும் தண்ணீர் திரும்பிப் போய்விடும், அளவு பழைய இடத்துக்கு வரும். மொத்தத்தில் தண்ணீர் குறையவில்லை, தேவைப்படுகிற நேரத்தில் தேவைப்படுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். சமதளத்தில் சிலிண்டர் பிரஷர் குறைவு, இடுக்கு மூடியே கிடக்கும். மேட்டில் மிதிக்கும்போது ஹெட் லேசாகத் தூக்கும், அப்போதுதான் விடும்.

முள் ஏறும் நேரத்தில் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தீர்களா? முள் மேலே இருக்க, ஹீட்டரில் சில்லென்ற காற்று வந்தால் உள்ளே கேஸ் அடைத்திருக்கலாம். ஆனால் வெறும் ஏர்லாக்கிலும் அப்படி வரும், அதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள்.

திம்பம் ரோடு

அண்ணா, போட்டுப் பார்த்தேன், முதலில் சூடாக வந்து அப்புறம் சில்லென்ற காற்றுதான் வந்தது. அதன் பிறகு செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் கருவி எதுவும் இல்லாத சோதனை. காலையில் மூடியைத் திறந்து பிரஷரை விட்டுவிட்டு மறுபடி இறுக்கி மூடினேன். மேல் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை, ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டது. தண்ணீர் சூடாகி விரிந்துதான் பிரஷர் வரவேண்டும், சூடாகும் முன்பே வந்தால் வேறு ஏதோ உள்ளே போகிறது என்று அர்த்தம். ஒன்று கவனிக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வாட்டர் பம்ப் தள்ளுவதால் நல்ல வண்டியிலும் ஹோஸ் கொஞ்சம் இறுகும். அது இன்ஜினை அணைத்ததும் தளர்ந்துவிடும். என் வண்டியில் அணைத்து ஒரு மணி நேரம் கழித்தும் தளரவில்லை.

அடுத்தது அந்த நீலத் திரவச் சோதனை. ஆன்லைனில் கிட் வாங்கினேன். டேங்க் வாயில் ரப்பர் கூம்பை வைத்து, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும், எரிந்த கேஸில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். ஐடிலில் பத்து நிமிடம் அடித்தேன், நீலமாகவே இருந்தது! அன்றைக்கு நானே கேஸ்கட் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஃபாத்திமா, நாகர்கோவில்

எனக்கு நடந்தது நேர் எதிர். பெட்ரோல் கார், பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர்தான் ஓடும். மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளைப் பசை. ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, முப்பதாயிரம் ஆகும் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, ஹோஸும் காலையில் தளர்வாகவே இருந்தது. திருநெல்வேலி வரை போய் வந்தேன், மூடியைத் துடைத்து மறுபடி பார்த்தால் பசை இல்லை. குறைந்த தூரம் ஓடி இன்ஜின் முழுச்சூடு ஏறாததால் ஈரம் படிந்திருக்கிறது. ஒன்றரை வருடமாக அதே கேஸ்கட்தான்.

ஓய்வு மெக்கானிக், கோவை

நல்லவேளை நிறுத்தினீர்கள் அம்மா. மூடியில் படிந்ததை மட்டும் பார்த்து ஹெட்டைக் கழற்றச் சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

திம்பம் தம்பி, டீசலில் ஐடில் சோதனை ஏமாற்றும். ஐடிலில் டீசல் இன்ஜின் நிறையக் காற்றை இழுத்துக் கொஞ்சம்தான் எரிக்கும், கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம்தான். மாறவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் ஆகாது. மாறினால் நம்பலாம், அதுவும் திரவத்துக்குள் கூலன்ட் போகாமல் இருந்தால். டேங்கில் இரண்டு மூன்று அங்குலம் குறைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். முதலில் திரவம் உயிரோடு இருக்கிறதா என்று சைலன்சர் பக்கம் வைத்து இழுத்துப் பாருங்கள், மாற வேண்டும். அப்புறம் வெளிக்காற்றை அடித்தால் நீலத்துக்குத் திரும்பும்.

பெட்ரோல் வண்டிக்கு இன்னொரு வழி உண்டு. புகைச் சான்று தரும் இடத்தில் உள்ள கேஸ் அனலைசரின் குழாயைத் திறந்த டேங்க் வாய்க்கு மேலே பிடித்தால், தண்ணீரில் தொடாமல், ஹைட்ரோகார்பன் எண் ஏறுகிறதா என்று தெரியும். டீசலுக்கு அங்கே வெறும் புகை மீட்டர்தான், அது உதவாது.

மணிகண்டன் ஆட்டோ

சார் எனக்கும் இதே பிரச்சினை, தினமும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன். வாட்டர் பம்ப் பக்கம் ஈரமாக இருக்கிறது. இதுவும் கேஸ்கட்டா?

ஓய்வு மெக்கானிக், கோவை

இங்கே பேசுவது தண்ணீர் குறையாத பிரச்சினை தம்பி. உங்களுக்கு ஈரம் கண்ணுக்குத் தெரிகிறது, பம்ப் சீல் போயிருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

திம்பம் ரோடு

அண்ணா சொன்னதைத்தான் அந்த மாதம் வேறொருவர் எனக்குச் சொன்னார். மறுபடி ஒரு நாள் ஏசி, லைட் எல்லாம் போட்டு 2500 ஆர்பிஎம்மில் வெகுநேரம் வைத்துச் சோதித்தேன். திரவம் மஞ்சளாகவில்லை, பச்சைக்கு வந்தது. சந்தேகம் வலுத்தது, ஆனால் ஹெட்டைக் கழற்ற அது போதுமா என்று தயக்கம்.

கடைசியில் உறுதி செய்தது காற்று விட்டுப் பார்த்த சோதனை. ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒரு சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிகிற இடத்தில் நிறுத்தினோம், அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். டாப் கியர் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்தோம், இல்லாவிட்டால் காற்று பிஸ்டனைத் தள்ளி இன்ஜினைச் சுற்றிவிடும். மெக்கானிக் அடாப்டர் மாட்டி கம்ப்ரஸரிலிருந்து சுமார் 7 பார் காற்று விட்டார். டேங்க் மூடி திறந்திருக்கிறது. முதல், இரண்டாவது சிலிண்டரில் ஆயில் மூடியில் லேசான சீறல் மட்டும், அது ரிங் வழியாக எல்லா இன்ஜினிலும் வரும் என்றார். மூன்றாவதில் விட்டதும் டேங்கில் குமிழ் குமிழாக வர ஆரம்பித்தது, காற்றை நிறுத்தும்வரை நிற்கவில்லை. நான்காவது சுத்தம்.

ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர் ஓட்டை வரை கறுப்பாக ஒரு கோடு. நேர்சட்டம் வைத்துப் பார்த்ததில் அந்த இடத்தில் 0.10 மில்லிமீட்டர் ஃபீலர் தாராளமாக நுழைந்தது, மேனுவலில் இருந்த அளவுக்கு அது அதிகம். இரண்டு வருடம் முன்பு ஃபேன் ரிலே போன அன்று முள் சிவப்பில் இருக்க ஆறு கிலோமீட்டர் ஓட்டி வந்தேன், அன்றைக்கே ஹெட் வளைந்திருக்க வேண்டும். லேத்தில் விரிசல் சோதனை செய்து ஃபேஸ் அடித்தார்கள், புது போல்ட், புது கேஸ்கட். இந்த ஞாயிறு திம்பம் ஏறினேன், முள் அசையவில்லை. காலையில் மூடியைத் திறந்தால் சத்தம் இல்லை.

சரவணன் டி

ஒத்துக்கொள்கிறேன், ஆயில் சுத்தமாக இருந்தும் போகும் போல. ஆனால் டேங்கில் ஊற்றும் சீலர் வந்திருக்கிறது, 900 ரூபாய், என் மாமா எட்டு மாதமாக ஓட்டுகிறார். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் அதைப் பார்த்திருக்கலாமே?

ஓய்வு மெக்கானிக், கோவை

அது கேஸ்கட் இடுக்கை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ஹீட்டர் கோரிலும் ரேடியேட்டர் குழாயிலும் படியும். ஹெட் வளைந்திருந்தால் அடைத்தும் நிற்காது. உங்கள் மாமா வண்டி எட்டு மாதம் ஓடுகிறது என்றால் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், மேடு ஏறுகிறாரா என்று கேளுங்கள்.

தம்பி, ஃபேஸ் அடித்த பிறகு கேஸ்கட் தடிமனைப் பார்த்துத்தான் போட்டார்களா? டீசலில் பிஸ்டன் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து, கேஸ்கட் ஓரத்தில் இருக்கும் குறியைப் பார்த்துத் தடிமன் எடுக்க வேண்டும்.

திம்பம் ரோடு

பழைய கேஸ்கட்டில் இருந்த அதே குறிதான் புதிதிலும் இருக்கிறது. தனியாக அளந்தார்களா என்று தெரியாது அண்ணா, நாளை கேட்கிறேன்.

நிர்மல், வால்பாறை

எனக்கு முடிவே தெரியவில்லை. ஹீட் ஆவதில்லை, ஆனால் காலையில் மூடி திறந்தால் லேசாகப் புஸ் சத்தம். திரவம் இரண்டு தடவை நீலம், வண்டி டீசல். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஐந்தாறு நொடி மட்டும் இன்ஜின் நடுங்கி ஓடும், அப்புறம் சரியாகிவிடும்.

ஓய்வு மெக்கானிக், கோவை

அந்த நடுக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி ஏதாவது ஒரு சிலிண்டரில் தண்ணீர் கசிந்தாலும் அப்படி வரும், ஹீட்டர் பிளக் போனாலும் வரும். முதலில் பிளக்குகளைச் சோதியுங்கள். அவை சரியாக இருந்தால், மாலையில் டேங்கில் கைப்பம்பால் மூடியில் எழுதிய பிரஷருக்கு ஏற்றி ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைக்கு மேல் துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். எந்த ஓட்டையில் துணி கூலன்ட்டால் நனைகிறது என்று பாருங்கள்.

நிர்மல், வால்பாறை

பம்ப் பொள்ளாச்சியில்தான் கிடைக்கும். சனிக்கிழமை வாங்கிவந்து செய்துவிட்டு எழுதுகிறேன் அண்ணா.