ஹாட்ஸ்பாட் போட்டால் போன் அடுப்பாகிறது, மூன்று மணி நேரத்தில் சார்ஜ் காலி. என்ன செய்யலாம்?

பொருநைக்கரை (காலை 9:12)

அம்பாசமுத்திரம் பக்கம் அம்மா வீட்டிலிருந்து ஒரு மாதம் வேலை பார்க்கிறேன். சாப்ட்வேர் டெஸ்டிங். வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். 5000 எம்ஏஎச் பேட்டரி, வாங்கி ஒன்றரை வருடம். காலை 9 மணிக்கு 100 சதவீதத்தோடு ஆரம்பித்தால் 12 மணிக்கு 22. பின்பக்கம் கை வைக்க முடியவில்லை. சார்ஜரில் போட்டபடி ஓட்டினால் சூடு இன்னும் ஏறுகிறது, சார்ஜோ ஏறுவதே இல்லை. சென்னையில் இதே போன், இதே வேலை, இந்தத் தொல்லை இல்லை. பேட்டரி மாற்ற வேண்டுமா?

கடைசி பெஞ்ச் (9:30)

ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் 2.4க்கு மாற்றுங்கள். 5 தான் பேட்டரியைத் தின்னும். நான் மாற்றியதும் சரியாகிவிட்டது.

குமரித்தென்றல் (9:41)

டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்றால் லேப்டாப்பில் அந்த இணைப்பை Metered connection என்று மாற்றி வையுங்கள். விண்டோஸ் அப்டேட் எல்லாம் நின்றுவிடும். எனக்கு 2 ஜிபி மாலை வரை வருகிறது.

பொருநைக்கரை (9:44)

தீர்வது டேட்டா இல்லை, சார்ஜ். இருந்தாலும் நன்றி 🙂

ரேடியோ தாத்தா (10:20)

பேட்டரியை மாற்றாதே அம்மா, முதலில் இதற்குப் பதில் சொல். வேலை பார்க்கும்போது போன் எங்கே இருக்கும்? அங்கே வைத்தபடியே Settings-ல் About phone, அதற்குள் SIM status போனால் Signal strength என்று dBm-ல் ஓர் எண் இருக்கும். அது எவ்வளவு? அதே எண்ணை மாடியிலோ ஜன்னலிலோ போய்ப் பார்.

யுஎஸ்பி டிபக்கிங் போடத் தெரியுமென்றால், சூட்டையும் கைக்கணக்கில் சொல்லாமல் இதில் பார்த்துச் சொல்:

```
adb shell dumpsys battery
```

temperature என்ற வரியில் 400 என்று வந்தால் 40 டிகிரி.

பொருநைக்கரை (10:52)

மெத்தை மேல், தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நடு அறை, பழைய வீடு, சுவர் ஒன்றரை அடி கனம். அங்கே -117. மச்சு ஜன்னல் ஓரத்தில் -101. temperature: 446.

ரேடியோ தாத்தா (11:15)

அப்படியானால் உன் பேட்டரி மேல் பெரிய குற்றம் இல்லை. டவரின் குரல் உன் போனுக்கு எவ்வளவு மெலிதாகக் கேட்கிறதோ, அவ்வளவு உரக்க உன் போன் பதில் கத்த வேண்டும். dBm கணக்கில் 10 கூடினால் பத்து மடங்கு. உன் மெத்தைக்கும் ஜன்னலுக்கும் 16 வித்தியாசம், அதாவது ஏறக்குறைய நாற்பது மடங்கு. கரண்ட் செலவு அதே விகிதத்தில் குறையாது, மோடமும் வைஃபையும் எப்படியும் ஓடும். ஆனால் அந்தக் கத்தல்தான் சூட்டில் பெரும் பங்கு.

இன்னொன்று, கத்துவது அனுப்பும்போதுதான், வாங்கும்போது அவ்வளவு இல்லை. வீடியோ பார்ப்பதைவிட ஒரு பைலை மேலே ஏற்றுவது போனை அதிகம் சுடும். உன் வேலையில் எதையாவது ஏற்றுகிறாயா?

கடைசி பெஞ்ச் தம்பி சொன்னது பாதி சரி. ஒரே அறையில் பக்கத்திலேயே லேப்டாப் இருந்தால் 5 வேகமாக அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். நடுவில் சுவர் வந்தால் 2.4 நல்லது. ஆனால் இந்தப் பெண்ணின் பிரச்சினை வைஃபை பக்கம் இல்லை, டவர் பக்கம்.

சார்ஜ் ஏறாததற்குக் காரணம், 45 டிகிரியை நெருங்கினால் போனே சார்ஜிங்கைக் குறைத்துவிடும், இல்லை நிறுத்திவிடும். லித்தியம் பேட்டரிக்கு அதுதான் பாதுகாப்பு. பாஸ்ட் சார்ஜர் வேண்டாம். உறையைக் கழற்று, மெத்தையிலிருந்து எடுத்துவிடு.

கடைசி பெஞ்ச் (11:22)

ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்தால் டக்கென்று ஆறும்.

ரேடியோ தாத்தா (11:25)

வெளியே எடுத்ததும் உள்ளே வேர்க்கும் தம்பி. மோர்ப் பானைக்கு வெளியே தண்ணீர் கோத்திருக்குமே, அதுதான் போர்டு மேல் நடக்கும். மேஜை மேல் வைத்து ஃபேன் காற்று பட்டால் போதும்.

பொருநைக்கரை (11:40)

ஐயா, பிடித்துவிட்டீர்கள்! பக் காட்டுவதற்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுப்பேன், ஒவ்வொன்றும் 200, 300 எம்பி. அவற்றை டெஸ்க்டாப்பில் சேமித்ததும் கம்பெனி கிளவுட் தானாக மேலே ஏற்றிக்கொண்டே இருக்கிறது. குமரித்தென்றல் சொன்ன Metered போட்டதும் சிங்க் நின்றுவிட்டது. கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டு சரியான பதில் சொன்னதற்கு நன்றி 😄

குமரித்தென்றல் (11:43)

எப்படியோ உதவினால் சரி.

வயல்வெளி (12:05)

என் பையன் போனிலும் ஹாட்ஸ்பாட் சூடுதான். இப்போது பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அழுத்தி ஒட்டிவிடலாமா?

ரேடியோ தாத்தா (12:09)

கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தவும் வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம், அணைத்து இன்றே கடைக்குக் கொண்டு போங்கள்.

பொருநைக்கரை, போனை ஜன்னலில் வைத்து வைஃபைக்குப் பதில் யுஎஸ்பி கேபிளில் கொடுத்துப் பார். வைஃபை வேலை மிச்சம். லேப்டாப் போர்ட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரண்ட் வரும், அது சூடேற்றாமல் செலவை ஈடுகட்டும்.

பொருநைக்கரை (மறுநாள், மாலை 4:50)

நேற்று USB tethering மங்கலாகவே இருந்தது, தொட்டாலும் வரவில்லை. அரை மணி நேரம் போனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் தள்ளுவண்டியில் வாங்கிய கேபிள், சார்ஜ் மட்டும் போகும், டேட்டா போகாது. போனோடு வந்த கேபிளில் உடனே வந்துவிட்டது. மேஜையை மச்சுக்கே தூக்கிப் போட்டுவிட்டேன்.

காலை 9 மணிக்கு 80, 11 மணிக்கு 77. temperature 371. நம்பவே முடியவில்லை. ஆனால் 11க்குப் பிறகு மறுபடி சூடு, 420 தாண்டியது. வெயில் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் கேபிளில் போட்டதும் விண்டோஸுக்கு அது வைஃபை இல்லை, Ethernet. நான் Metered போட்டது வைஃபைக்கு மட்டும். காலையில் எடுத்த ரெக்கார்டிங் எல்லாம் அமைதியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. Ethernet-க்கும் போட்டேன், இறங்கிவிட்டது. இப்போது ரெக்கார்டிங்கை மதியம் சாப்பிடப் போகும்போது ஒரே தடவையாக அனுப்புகிறேன்.

கடைசி பெஞ்ச் (5:02)

5ஜியை அணைத்து 4ஜி மட்டும் வையுங்கள், இன்னும் குறையும்.

பொருநைக்கரை (5:10)

பார்த்தேன். ஜன்னலில் 5ஜி வருவதும் போவதுமாக இருக்கிறது. 4ஜி மட்டும் வைத்தால் சூடு இன்னும் குறைகிறது என்பது உண்மை. ஆனால் என் பிளானில் அளவில்லாத டேட்டா 5ஜிக்கு மட்டும். 4ஜிக்குப் போனால் தினம் 2 ஜிபிதான், கேமரா போட்டு இரண்டு மீட்டிங், ரெக்கார்டிங், அவ்வளவுதான் முடிந்தது.

ரேடியோ தாத்தா (5:31)

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மீட்டிங் நேரத்தில் 4ஜி, பைல் அனுப்பும்போது 5ஜி என்று மாற்றி மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார். 5ஜி விட்டு விட்டு வரும் இடத்தில் போன் இரண்டு பக்கமும் தேடிக்கொண்டே இருக்கும், சார்ஜில் எவ்வளவு போகிறது என்பது போனுக்குப் போன் மாறும்.

குமரித்தென்றல் (5:40)

மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டால்? அனுப்புவதும் குறையும், டேட்டாவும் மிஞ்சும்.

பொருநைக்கரை (5:44)

மேனேஜர் முகம் பார்த்தால்தான் பேசுவார். சரி, நாளைக்கு சிக்னல் இல்லை என்று சொல்லிப் பார்க்கிறேன்.