ஸ்கோப், கவர்னன்ஸ் ஸ்லைடுகளை வைத்து கமிட்டிக்கு டிஓஆர் எழுதினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே தப்பு?

புதுசெயலர்

மூன்று துறைகள் தனித்தனியாக வைத்திருக்கும் வாடிக்கையாளர் பதிவுகளை ஒரே சிஸ்டத்துக்கு மாற்றும் ப்ராஜெக்ட். பத்து மாத வேலை. இதற்கு ஸ்டீரிங் கமிட்டி அமைக்கிறார்கள், கமிட்டியின் நோக்கம், பொறுப்பு, அதிகாரம் என்ன என்று வரையறுக்கும் டிஓஆர் முதல் கூட்டத்துக்கு முன்னால் தயாராக வேண்டும். "டெக்கிலேயே எல்லாம் இருக்கு, எடுத்துப் போட்டா போதும்" என்று சொல்லி 22 ஸ்லைடு உள்ள டெக்கை என்னிடம் கொடுத்தார்கள்.

ஸ்லைடு 6தான் ஸ்கோப். உள்ளே வருபவை: பதிவுகளை மாற்றுவது, ஊழியர்களுக்குப் பயிற்சி, பழைய சிஸ்டங்களை மூடுவது. வெளியே இருப்பவை: பில்லிங், பதிவுகளைச் சுத்தம் செய்வது (இது அந்தந்தத் துறையின் பொறுப்பாம்).

ஸ்லைடு 14 கவர்னன்ஸ். மேலே ஸ்பான்சர், அடுத்து கமிட்டி, அதன் கீழ் ப்ராஜெக்ட் மேனேஜர், கடைசியில் தொழில்நுட்பம், பயிற்சி, டேட்டா தரம் என மூன்று பணிக்குழுக்கள். தகவல் பாதுகாப்பு என்ற பெட்டி ஓரமாக இருக்கிறது, அதிலிருந்து கமிட்டிக்கு ஒரு புள்ளிக்கோடு. அடியில் ஒரு வரி: "மாதம் ஒருமுறை. மேற்பார்வை. முக்கிய மாற்றங்களுக்கு ஒப்புதல்."

ஸ்லைடு 6-ஐ நோக்கம் என்றும், ஸ்லைடு 14-ஐ பொறுப்புகள் என்றும் தலைப்பிட்டு முழு வாக்கியங்களாக்கி அனுப்பினேன். தலைவராக வரப்போகிறவர் ஓரத்தில் எழுதி அனுப்பியது: "ப்ராஜெக்ட் என்ன செய்யும் என்று புரிகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?"

டெக்கில் இல்லாததை நானாக எழுதலாமா?

சுருக்குவழி

இதுக்கு ஏன் கையால எழுதணும்? பவர்பாயின்ட்ல `File > Export > Create Handouts` கொடுத்தா ஸ்லைடெல்லாம் வேர்டுக்குப் போயிடும். அங்கே தலைப்பு மாத்தினா முடிஞ்சது.

புதுசெயலர்

வேர்டுக்குக் கொண்டுபோவது பிரச்சினை இல்லை சார். கொண்டுபோய்த்தான் அடி வாங்கியிருக்கிறேன்.

கட்டமும்_கோடும்

ஒவ்வொரு வேலையையும் யார் செய்வது, யார் பொறுப்பு, யாரிடம் கேட்பது, யாருக்குத் தெரிவிப்பது என்று காட்டும் ஆர்ஏசிஐ அட்டவணை ஒன்று உங்கள் டெக்கில் கண்டிப்பாக இருக்கும், அதை அப்படியே டிஓஆரில் போடுங்கள். ஏ என்று இருக்கும் இடமெல்லாம் கமிட்டியின் ஒப்புதல், ஐ என்றால் தகவல் மட்டும். தலைவர் கேட்பது இதைத்தான். நாங்கள் எல்லாக் கமிட்டிக்கும் இப்படித்தான் செய்கிறோம்.

பழையகோப்பு

பதினைந்து வருஷமாகக் கமிட்டிகளுக்குச் செயலராக இருந்து வருகிறேன். ஆர்ஏசிஐ யோசனை பாதி சரி. யாருக்கு எதில் பங்கு என்பதை அது காட்டும். ஆனால் அதில் உள்ள ஏ, பொறுப்பு யார் தலையில் என்பதைத்தான் சொல்கிறது, ஒப்புதல் தரும் அதிகாரம் யாரிடம் என்பதை அல்ல. ப்ராஜெக்ட் மேனேஜருக்கு ஏ போட்டிருப்பார்கள், ஆனாலும் முடிவு கமிட்டியிடம் இருக்கும். எவ்வளவு தூரம் வரை அதிகாரம் என்பதும் அந்த அட்டவணையில் இருக்காது.

சரி, புதுசெயலர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லைடு 6-ல் எழுவாய் ப்ராஜெக்ட். டிஓஆரில் எழுவாய் கமிட்டி. அதை மாற்றாமல் எத்தனை முறை திருத்தினாலும் அதே கேள்விதான் திரும்பி வரும். ஸ்கோப் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இந்த வேலையில் எந்த முடிவு கமிட்டி முன்னால் வந்து நிற்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

"பழைய சிஸ்டங்களை மூடுவது" என்ற வரியில் ஒரு பெரிய முடிவு ஒளிந்திருக்கிறது. மூடிவிட்டால் திரும்ப வழியில்லை. ஆகவே அதை நான் இப்படி எழுதுவேன்: "ஒவ்வொரு பழைய சிஸ்டத்தையும் மூடும் தேதிக்குக் கமிட்டி ஒப்புதல் தரும். மாற்றப்பட்ட பதிவுகளைச் சரிபார்த்ததாக அந்தத் துறைத் தலைவர் எழுத்தில் உறுதி தந்த பிறகே ஒப்புதல் கேட்கலாம்." பயிற்சி என்ற வரியில் கமிட்டிக்கு அநேகமாக முடிவு எதுவும் இல்லை. "முன்னேற்ற அறிக்கையைப் பெற்றுக்கொள்ளும்" என்றால் போதும். மூன்று ஸ்கோப் வரிகள் இருப்பதால் மூன்று பொறுப்புகள் வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்புறம் "மேற்பார்வை" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். முடிவெடுக்கும், பரிந்துரைக்கும், அறிந்துகொள்ளும் என்ற மூன்றில் ஒன்றுதான் வினையாக இருக்க வேண்டும். ஸ்லைடில் உள்ள கோடு இந்த மூன்றில் எது என்று சொல்லாது. கோடு போட்டவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொன்று கண்ணில் பட்டதா? பதிவுகளைச் சுத்தம் செய்வது ஸ்கோப்புக்கு வெளியே. ஆனால் டேட்டா தரப் பணிக்குழு கமிட்டிக்குக் கீழே இருக்கிறது. இந்த இரண்டு ஸ்லைடையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்திருக்க முடியாது.

டெக்கில் இல்லாததை எழுதலாமா என்றால், எழுதுங்கள். ஆனால் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, யாரிடம் உறுதி செய்ய வேண்டும் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

புதுசெயலர்

நன்றி ஐயா. நேற்று மூன்று பேரைப் போய்ப் பார்த்தேன்.

ஸ்லைடு 14 வேறொரு ப்ராஜெக்டின் டெக்கிலிருந்து எடுத்து ஒட்டியதாம். டேட்டா தரப் பெட்டி அங்கிருந்தே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று ஸ்பான்சர் இன்னும் சொல்லவில்லை.

"முக்கிய மாற்றம்" என்றால் என்ன என்று ப்ராஜெக்ட் மேனேஜரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கெடு தேதி இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளினாலோ, எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டில் கால் பங்குக்கு மேல் எடுத்தாலோ கமிட்டிக்கு வரலாம் என்றார். அதை இப்படி எழுதியிருக்கிறேன்:

"திட்டமிட்ட கெடுவை இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளும், அல்லது எதிர்பாராச் செலவு ஒதுக்கீட்டில் 25 சதவீதத்துக்கு மேல் எடுக்கும் எந்த மாற்றத்துக்கும் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். அதற்குக் குறைந்தவற்றை ப்ராஜெக்ட் மேனேஜர் முடிவு செய்து அடுத்த கூட்டத்தில் தெரிவிப்பார்."

பழையகோப்பு

நல்ல வாக்கியம், ஆனால் ஓட்டை இருக்கிறது. 20 சதவீதம் வீதம் ஐந்து மாற்றம் வந்தால் ஒதுக்கீடு மொத்தமும் காலி. ஒவ்வொன்றும் வரம்புக்குள்தான், ஒன்றுகூட ஒப்புதலுக்கு வராது. மாதம் ஒரு கூட்டம்தான் என்பதால் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கும்போது பணம் போய் நான்கு வாரம் ஆகியிருக்கலாம். "தனியாகவோ, கமிட்டி கடைசியாக ஒப்புதல் தந்ததிலிருந்து கூட்டிப் பார்த்தோ" என்று சேருங்கள். கெடுவுக்கும் இதே கதைதான். பத்துப் பத்து நாளாக மூன்று முறை தள்ளினால் ஒரு மாதம்.

மேல் வரம்பும் வேண்டும். ஸ்பான்சருக்கு என்ன செலவு அதிகாரமோ அதற்கு மேல் கமிட்டிக்குத் தர அவராலேயே முடியாது. ஒதுக்கீட்டைத் தாண்டினால் கமிட்டி பரிந்துரைக்கும், ஸ்பான்சரோ அவருக்கு மேலே உள்ளவரோ முடிவெடுப்பார் என்று வையுங்கள்.

நடுக்கூட்டம்

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கோரம் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எங்கள் கமிட்டியில் ஏழு பேர், கோரம் நான்கு. ஸ்லைடில் கோரம் இல்லாததால் பாதிக்கு மேல் என்று நானே போட்டது. ஒரு கூட்டத்துக்குச் சரியாக நான்கு பேர் வந்தார்கள், நால்வரும் ஒரே துறை. இன்னொரு துறை பயன்படுத்தும் சிஸ்டத்தை மூட ஒப்புதல் தந்துவிட்டார்கள். டிஓஆர்படி செல்லும். அந்தத் துறை ஒத்துக்கொள்ளவே இல்லை, ஆறு வாரம் இழுபறி. எனவே எண்ணிக்கை மட்டும் போதாது, பாதிக்கப்படும் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

கட்டமும்_கோடும்

அப்படி எழுதினால், பிடிக்காத துறை கூட்டத்துக்கு வராமலே இருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமே?

நடுக்கூட்டம்

நிறுத்தலாம்தான். அதற்குத்தான் மாற்று ஆள். பெயரை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், முடிவெடுக்கும் அதிகாரத்தோடு வர வேண்டும். "கேட்டுச் சொல்றேன்" என்று குறிப்பெடுக்க வருபவர் கணக்கில் வரமாட்டார். அதையும் மீறி வராவிட்டால் மின்னஞ்சலில் முடிவெடுக்கலாம் என்று ஒரு வரி வைத்தோம், அப்புறம் சிக்கல் இல்லை.

பழையகோப்பு

மின்னஞ்சல் முடிவு எனக்கு உடன்பாடில்லை. பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். ஒரே விஷயத்துக்காக இரண்டாம் முறை கூட்டும்போது வந்தவர்களே கோரம் என்று வைப்பேன். இடையில் ஏழு வேலை நாள் இருந்தால் போதும்.

நடுக்கூட்டம்

ஏழு நாள் காத்திருக்க முடியாத முடிவு வந்தால்? பத்து மாத ப்ராஜெக்டில் அது வரத்தான் செய்யும். "பதில் இல்லையென்றால் சம்மதம் இல்லை" என்று எழுதிவிட்டால் மின்னஞ்சலில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

புதுசெயலர்

இரண்டையும் எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். மறுகூட்டத்தை வைத்துக்கொண்டார். மின்னஞ்சலுக்கு "கெடு தொடர்பானவற்றுக்கு மட்டும்" என்று எழுதினார். சிஸ்டம் மூடும் முடிவு கண்டிப்பாக நேரில்தானாம்.

ஸ்பான்சர் டேட்டா தரப் பெட்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் மோசமான பதிவுகளோடு ஒரு துறை வந்து நின்றால் மாற்றத்தை நிறுத்திவைக்கும் முடிவு கமிட்டியுடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பெட்டி போனது, வேலை போகவில்லை.

புள்ளிக்கோடுதான் இன்னும் இழுக்கிறது. தன் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பதிவும் நகரக் கூடாது என்பதே அதன் அர்த்தம் என்கிறார் தகவல் பாதுகாப்புத் தலைவர். ஆலோசனை மட்டும்தான் என்கிறார் ஸ்பான்சர். படம் வரைந்தவரிடம் கேட்டால், நேர்கோடு போட இடம் போதவில்லை என்கிறார்.

பழையகோப்பு

சிரித்துவிட்டேன். அந்த உட்பிரிவை அடைப்புக்குறியோடே, இருவர் சொன்னதையும் பக்கத்தில் போட்டு, முதல் கூட்டத்தின் அஜெண்டாவில் முதல் விஷயமாக வையுங்கள். அதற்கு முன் டிஓஆரில் கையெழுத்து வாங்காதீர்கள். எந்தத் தேதியிட்ட டெக்கிலிருந்து எழுதினீர்கள் என்பதையும் குறித்து, டெக்குக்கும் டிஓஆருக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்று ஒரு வரி போடுங்கள். ஸ்லைடு 14-ஐ யாராவது மறுபடியும் எங்கிருந்தாவது ஒட்டுவார்கள்.