ஒரே ‘க’, நாலு குறியீடு: வகுப்பில் ஒலியன் விளக்கிய அனுபவங்கள்

மொழியியல் ஆசிரியர்
ஒலியன் என்பது ஒரு மொழியில் சொல்லின் பொருளை மாற்றக்கூடிய ஒலி அலகு. முதலாமாண்டு வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் என் ஸ்லைடில் இந்த நாலு சொற்கள் சர்வதேச ஒலிக்குறியீட்டோடு இருக்கும்:

கல் [k], பக்கம் [kː], தங்கம் [ɡ], பகல் [ɣ]

எழுத்து ஒன்றே என்பதால் “எல்லாம் க தானே சார்?” என்பார்கள். தொண்டையில் விரல் வைத்துப் ‘பக்கம்’, ‘தங்கம்’ இரண்டையும் சொல்லச் சொல்வேன். ‘பக்கம்’ சொல்லும்போது நடுவில் அதிர்வு நின்று திரும்ப வரும். ‘தங்கம்’ சொல்லும்போது நடுவில் அது நிற்பதே இல்லை. அப்புறம், பகலை வேண்டுமென்றே [pakal] என்று சொல்லிக் காட்டுவேன். சிரிப்பார்கள், ஆனால் வேறு சொல்லாகக் கேட்காது. அதனால் நாலும் சேர்ந்து /k/ என்ற ஒரே ஒலியன். சாய்கோட்டுக்குள் ஒலியன், சதுர அடைப்புக்குள் வாயில் வருவது.

அடுத்த ஸ்லைடில் இந்தி. காதால் கேட்டால் போதும்: /kaːnaː/ ஒற்றைக்கண்ணன், /ɡaːnaː/ பாட்டு, /kʰaːnaː/ சாப்பாடு. அங்கே ஒலி மாறினால் பொருளே மாறிவிடும்.

தமிழ் ஆர்வலர்
இதற்கு ஏன் வெளிநாட்டுக் குறியீடு? தமிழில் ஓர் எழுத்து என்றால் ஓர் ஒலியன். நம் முன்னோர் அப்படித்தான் வகுத்தார்கள்.

மொழியியல் ஆசிரியர்
‘க’ விஷயத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் ந, ன? இன்றைய பேச்சில் பலருக்கும் அவை ஒரே மாதிரி ஒலிக்கின்றன. முந்நூறைப் பலர் ‘முன்னூறு’ என்று எழுதுவதும் அதனால்தான்.

யாழ்ப்பாணத்தான்
எங்கட வீட்டில பகல் [pahal] மாதிரித்தான் வரும். உங்கட [ɣ] எனக்கு ஒட்டவில்லை.

மொழியியல் ஆசிரியர்
நீங்கள் [h] என்றே போடுங்கள். இங்கேயும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். சதுர அடைப்பு பேசுபவரைப் பொறுத்தது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா
என் சின்னவனுக்கு ழ வரவில்லை, ‘பளம்’ என்கிறான். இந்தக் குறியீடு படித்தால் சரியாகுமா?

பேச்சுப் பயிற்சியாளர்
குறியீடு படித்து வராதுங்க. ஆனால் நாங்கள் குறிப்பெடுக்க அது வேண்டும். ழ [ɻ] வரவேண்டிய இடத்தில் [ɭ] வருகிறதா, [j] வருகிறதா என்று தனித்தனியே எழுதி வைப்போம். ஊர் வழக்கிலேயே ‘பளம்’ என்றால் அது குறைபாடு இல்லை. வீட்டில் பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

ஆய்வு மாணவி
என் கதை ப்ரொஜெக்டர் கதை. கருத்தரங்கு அறைக் கணினியில் என் ɻ, ɭ எல்லாம் வெறும் கட்டம். இப்போது Charis SIL எழுத்துருவில் செய்து PDF ஆக்கித்தான் கொண்டுபோகிறேன். நெடிலுக்கு முக்காற்புள்ளி போடாதீர்கள். ː என்பது இரண்டு குட்டி முக்கோணம், அதற்குத் தனிக் குறி உண்டு.

ஒரு சந்தேகம் சார். பாவம் செய்தவன் [p], முகத்தில் பாவம் காட்டுபவர் [b]. பந்து உருண்டால் [p], உறவினர் என்றால் [b]. அப்படியானால் தமிழில் /b/ தனி ஒலியன் தானே?

மொழியியல் ஆசிரியர்
வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் ஆமாம். நான் சேர்த்துத்தான் எடுப்பேன். பஸ்ஸை [p] போட்டுச் சொல்லும் ஆள் இப்போது அரிது.

தமிழ் ஆர்வலர்
எங்கள் தாத்தா கடைசிவரை ‘பஸ்’ஸை [p] என்றுதான் சொன்னார். அவர் தமிழில் எத்தனை ஒலியன்?