GSTR-9: 85,000 ரூபாய் வித்தியாசம், ஒரு சந்தேகம்

வணக்கம். 2024-25 ஆண்டுக் கணக்கு, எல்லா விற்பனையும் உள்மாநிலம், 18%. டேலியில் விற்பனை 2,84,60,000 ரூபாய். GSTR-1, GSTR-3B இரண்டிலும் பன்னிரண்டு மாதக் கூட்டல் 2,83,75,000.

பில் வாரியாக ஒப்பிட்டதில் காரணம் கிடைத்துவிட்டது. மார்ச் 2025 பில் ஒன்று, 1,20,000, ஏப்ரல் 2025 ரிட்டர்னில் போயிருக்கிறது. மார்ச் 2024 பில் ஒன்று, 60,000, ஏப்ரல் 2024-ல் ஏறியிருக்கிறது. ஜனவரி 2025 பில் ஒன்று, 25,000, எந்த ரிட்டர்னிலும் இல்லை. நவம்பர் 30-ம் தாண்டிவிட்டது.

முதல் பில்லை அட்டவணை 10-லும், அதன் வரி 21,600-ஐ 14-லும் காட்டுகிறேன். அட்டவணை 4-ல் தானாக வந்த தொகையிலிருந்து 60,000 கழித்து, 25,000 சேர்த்தால் 2,83,40,000. அட்டவணை 10-ஐயும் கூட்டினால் புத்தகத்தோடு சரியாகிறது.

சிக்கல் அட்டவணை 9-ல். கட்டிய வரியை அங்கே திருத்த முடியாது. போன ஆண்டு பில்லின் 10,800 அதற்குள் இருக்கிறது. அதனால் விடுபட்ட பில்லுக்கு 4,500 பாக்கி இருந்தும், 6,300 கூடுதலாகக் கட்டியது போலத் தெரிகிறது. அதை நம்பி விட்டுவிட்டால் 4,500 கட்டப்படாமலே போகும். எனவே DRC-03-ல் 4,500-ஐயும், பிப்ரவரி 21 முதல் 18% வட்டியையும் தனியாகக் கட்ட நினைக்கிறேன்.

இதே நிலையில் தாக்கல் செய்தவர்கள் அட்டவணை 9-ஐ அப்படியே விட்டீர்களா? நோட்டீஸ் வந்ததா? வந்திருந்தால் என்ன ஒப்பீட்டுத் தாள் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.