புதுப்பிப்பு: சீன நண்பருக்கு அனுப்பிய இரங்கல் செய்தி

"சிங்கப்பூரில் கூட வேலை பார்க்கும் சீன நண்பரின் அப்பா தவறிவிட்டார். சீனத்தில் என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. கடைசியில் அனுப்பியது:

惊悉令尊辞世,请节哀,多保重。

தந்தை மறைந்த செய்தி அதிர்ச்சி தந்தது, துக்கத்தை அடக்கி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். அடுத்தவரின் அப்பாவை மரியாதையாகச் சொல்ல 令尊, அம்மா என்றால் 令堂. நான் முதலில் 你爸爸死了 என்று எழுதி வைத்திருந்தேன். செத்துப்போனார் என்று பச்சையாகச் சொல்லும் 死 வேண்டவே வேண்டாம் என்று தடுத்த அக்கா காப்பாற்றினார்.

பண உறையே கூடாது என்றவர் சொன்னது பாதி சரி. சிவப்பு உறைதான் கூடாது. வெள்ளை உறையில் ஒற்றைப்படையாக 51 வெள்ளி வைத்தேன். பதினாறாம் நாள் பற்றிக் கேட்டவருக்கு: அது நம்ம வழக்கம் அண்ணா.

எதிர்பாராதது, துக்க வீட்டு மேசையில் மிட்டாயோடு சிவப்பு நூலும் இருந்தது. விரலில் சுற்றிக்கொண்டேன். அதை என் வீட்டு வாசலை அடையும் முன்பே எறிய வேண்டுமா என்பதில் அங்கேயே இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை.