முன்பணமாக வந்த மானியம்: மூன்றாண்டு பட்ஜெட்டில் எப்படிக் காட்டுவது?

வணக்கம். கணக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாண்டுத் திட்டம் ஒன்றுக்கு 36 லட்சம் மானியம் முதல் மாதமே மொத்தமாக வந்துவிட்டது. செலவு செய்யாத பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. செலவுத் திட்டம் ஆண்டுவாரியாக 8, 16, 12 லட்சம்.

முதலில் முழுத் தொகையையும் முதல் ஆண்டு வருமானமாகப் போட்டேன். அந்த ஆண்டு 28 லட்சம் உபரி, அடுத்த இரண்டு ஆண்டும் பற்றாக்குறை என்று வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "இவ்வளவு மிச்சமா?" என்றார்கள். சரி என்று, செலவான அளவை மட்டும் வருமானமாக்கி, மீதியை ஒத்திவைத்த வருமானம் என்று பொறுப்புப் பக்கம் வைத்தேன். ஆண்டு இறுதி இருப்பு 28, 12, 0. அழகாக முடிந்தது. பணவரவு மட்டும் தனித் தாளில், முதல் மாதத்திலேயே முழுதாக இருக்கிறது.

சிக்கல் இனிமேல்தான். இரண்டாம் ஆண்டின் 16 லட்சத்தில் 6 லட்சம் கருவி. ஆயுள் மூன்று ஆண்டு, தேய்மானம் ஆண்டுக்கு 2 லட்சம். அதற்கான மானியத்தையும் தேய்மானத்தோடு சேர்த்தே வருமானமாக்கினால் 8, 12, 14 என்று வருகிறது. திட்டம் முடிந்த பிறகும் 2 லட்சம் இருப்பில் நிற்கிறது. நிதி தந்தவர்களுக்கோ அது செலவழிக்காத பணம் மாதிரித் தெரியும்.

இருப்பை 'செலவாகாதது', 'கருவிக்கானது' என்று இரண்டு வரியாகப் பிரித்தால் போதுமா? அல்லது அவர்களுக்குச் செலவு அடிப்படையில் தனி அறிக்கையே கொடுப்பீர்களா? இப்படி ஒன்றைச் செய்தவர்கள் வரிசைகளை எப்படி அமைத்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.