240 பக்க நூல், 3 மில்லிமீற்றர் கூடிப்போன முதுகு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

குளத்தடி (கிளிநொச்சி)

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று அப்பா எழுதி வைத்த குறிப்புகளை நூலாக்கினோம். ஏ5 அளவு, 240 பக்கம். பக்க எண்ணை இரண்டால் வகுத்தால் 120 தாள். 80 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாள் ஒன்று 0.1 மில்லிமீற்றர் என்று அச்சகத்தில் சொன்னார்கள். ஆக உள்தாள்கள் 12, அட்டையின் இரு பக்கத் தடிப்பு 0.6, மொத்த முதுகு 12.6. பின்னட்டை 148, முதுகு 12.6, முன்னட்டை 148, வெட்டுக்காக இருபுறமும் 3 மில்லிமீற்றர் எனக் கூட்டி, 314.6 அகலத்தில் அட்டையை வடிவமைத்தோம்.

அட்டை அச்சாகி முடிந்த பிறகு, வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டதென்று மஞ்சள் சாயலுள்ள 70 ஜிஎஸ்எம் தாளில் உள்பக்கங்களை அச்சடித்துவிட்டார்கள். எடை குறைந்த தாள்தானே, நூல் மெலியும் என்று அவர்களே சொன்னார்கள். வந்து சேர்ந்த நூலின் முதுகு 15.6! கருநீல முதுகுப் பட்டையின் இரு கரையிலும் ஒன்றரை மில்லிமீற்றர் வெளிர்நிறம் தெரிகிறது. அப்பாவின் பெயர் தாங்கிய நூல் என்பதால் எனக்கு மிகவும் மனவருத்தம். தாள் மாறியபோது உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

அச்சுக்கூடம் (வவுனியா)

தங்கச்சி, 70 ஜிஎஸ்எம் என்பது எடை, தடிப்பு அல்ல. நூல்களுக்கென்று வரும் அந்தத் தாள் உப்பிய தாள். இழைகளுக்கிடையே காற்று அதிகம் என்பதால் எடை குறைந்தும் தடிப்பு கூடும். உங்கள் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: 15.6இல் அட்டைத் தடிப்பைக் கழித்தால் 15. அதை 120ஆல் வகுத்தால் தாளுக்கு 0.125. கணக்கு சரி, தாள்தான் வேறு.

நான் யாருடைய வாய்ச்சொல்லையும் எடுப்பதில்லை. அச்சுக்குப் போகும் அதே கட்டிலிருந்து 100 தாளை எடுத்து, இரண்டு பலகைக்கிடையில் இறுக்கி வேர்னியரால் அளப்பேன். 10 மில்லிமீற்றர் வந்தால் தாளுக்கு 0.1. அளந்த பிறகுதான் அட்டைக் கோப்பைத் திறப்பேன்.

மணலாறு வாசகன்

இவ்வளவு சிரமம் எதற்கு? பக்க எண்ணை 0.05ஆல் பெருக்கினால் போதும். எனக்கு எப்போதும் சரியாக வந்திருக்கிறது.

அச்சுக்கூடம் (வவுனியா)

தம்பி, 80 ஜிஎஸ்எம் சாதாரணத் தாளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். குளத்தடி தங்கச்சியின் நூலுக்குப் போட்டால் 12தான் வரும். அவர் கையில் இருப்பதோ 15.6.

ஆசிரியை (மல்லாவி)

எங்கள் பாடசாலை மலரில் இடர் வேறிடத்தில் வந்தது. வேர்டில் Mirror margins தெரிவுசெய்து, Inside 20, Outside 14 என்று கொடுத்திருந்தோம். கட்டுப் பக்கத்துக்கு இன்னும் இடம் வேண்டுமென்று ஒருவர் Gutter பெட்டியில் 6 போட்டார். அது Inside அளவோடு கூடி 26 ஆகிவிட்டது. எழுத்துப் பரப்பு 114இலிருந்து 108ஆகச் சுருங்கியது. நீண்ட தமிழ்ச் சொற்கள் வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குப் போக, இரு கரையும் நேராக்கிய வரிகளில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி. பக்கமும் கூடியது. பக்கம் கூடினால் முதுகும் கூடும் அல்லவா? அதனால் உட்கரையை முடிவுசெய்யாமல் அட்டைக்காரரிடம் போகவே கூடாது என்பது என் எண்ணம்.

அச்சுக்கூடம் (வவுனியா)

ஆசிரியை சொல்வது முக்கியம். பசைக் கட்டில் முதுகுப் பக்கத்தை 2 அல்லது 3 மில்லிமீற்றர் அரைத்துத்தான் பசை பூசுவோம். நூலும் தட்டையாக விரியாது. 240 பக்கத்துக்கு உட்கரை 20 தாராளம், அதற்கு மேல் வேண்டாம். பிடிஎப் ஆன பிறகு எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் Embedded Subset என்று இருக்கிறதா பாருங்கள். பாமினியில் தட்டச்சு செய்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். எழுத்துரு உள்ளே இல்லாவிட்டால் எங்கள் கணினியில் அது ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும்.

நந்திக்கடல் கவி

என் கவிதை நூல் 64 பக்கம். முதுகில் தலைப்புப் போட்டுத் தர அச்சகம் மறுக்கிறது. ஐஎஸ்பிஎன் எடுக்காததாலா?

அச்சுக்கூடம் (வவுனியா)

இல்லை ஐயா, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 32 தாள் என்றால் அட்டையோடு சேர்த்தும் 4 மில்லிமீற்றருக்குள். மடிப்பு ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் எழுத்து முன்னட்டைக்கு ஏறிவிடும். நடுவில் கம்பி அடிக்கும் நூலானால் முதுகே கிடையாது. வெறுமையாக விடுங்கள்.

குளத்தடி (கிளிநொச்சி)

நன்றி அண்ணா. இரண்டாம் பதிப்புக்கு 100 தாளை நானே கேட்டு வாங்கி அளக்கிறேன். முதுகையும் அட்டையையும் ஒரே நிறமாக்கினால் சிறு விலகல் கண்ணில் படாதா?

அச்சுக்கூடம் (வவுனியா)

ஒரு மில்லிமீற்றர் வரை படாது. ஆனால் முதுகு 3 கூடினால் அட்டை அகலம் 317.6 வேண்டும். உங்களிடம் இருப்பது 314.6. வெட்டுக்கு விட்ட 3இல் பாதி இரு கரையிலும் போய்விடும். கத்தி சற்று விலகினால் வெள்ளைக் கரை தெரியும்.

ஆசிரியை (மல்லாவி)

முதுகுத் தலைப்பு மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா? எங்கள் நூலக அலுமாரியில் இரண்டும் இருக்கிறது. மேசையில் முன்னட்டை தெரிய வைத்தால் மேலிருந்து கீழே எழுதியதுதான் நேராக வாசிக்க வருகிறது.

மணலாறு வாசகன்

எனக்குக் கீழிருந்து மேல்தான் பிடிக்கும் ஆசிரியை. அலுமாரியில் தலையை இடப்பக்கம் சாய்த்து வாசிப்பதே எனக்கு வசதி.